எங்க கார்டு எந்தக் கடையில இருக்கு?

வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ரேஷன் கடை இருக்கிறது என்பதற்காக அது உங்கள் கடை ஆகிவிடாது. எதிர்வீட்டுக்காரர் வாங்கும் கடையும் உங்கள் கடையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 34,000-க்கும் மேல் நியாய விலைக் கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்ப அட்டையும் அவற்றில் ஏதோ ஒன்றோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. கட்டியிருப்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கடைக் குறியீடு. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது அந்தக் குறியீட்டுக்குத் தெரியாது. அட்டையில் எந்த முகவரி பதிவாகியிருக்கிறதோ அதுதான் அதற்குக் கணக்கு.

பழைய புத்தகக் கார்டு காலத்தில் இதில் குழப்பமே இல்லை. கடை எண் கார்டிலேயே இருக்கும். வருஷா வருஷம் உள்தாள் ஒட்டிக்கொண்டே போனாலும் கடை மாறாது. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு கதை மாறிவிட்டது. கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் அட்டை. உண்மையான கார்டு கணினிப் பதிவில் இருக்கிறது. அட்டையில் ஏதாவது குறியீடு அச்சாகியிருந்தாலும் அது அச்சான அன்றைக்கு இருந்த நிலவரம், அவ்வளவுதான்.

ஒரு கடையில் கார்டுகள் ஆயிரத்தைத் தாண்டிப் போனால் அதை இரண்டாகப் பிரிப்பார்கள். பாதித் தெருக்கள் புதுக் கடைக்குப் போகும். இதற்காக யாரும் வீட்டுக்கு வந்து புது அட்டை கொடுக்க மாட்டார்கள். பழைய கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள், மழை வந்தால் அதுவும் போய்விடும். மூன்று மாதம் கடைப்பக்கம் போகாதவருக்கு விஷயமே தெரியாது.

"இப்பத்தான் எந்தக் கடையிலயும் கைரேகை வச்சு வாங்கிக்கலாமே, என் கடை எதுன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் வசதி இருக்கிறது. ஆனால் கடைக்கு மாதாமாதம் வரும் சரக்கு, அந்தக் கடையில் எத்தனை கார்டு என்ற கணக்கை வைத்துத்தான் வருகிறது. வெளிக் கார்டுக்காக வருவது கொஞ்சம். அதனால் மாதக் கடைசியில் போய் நின்றால் விற்பனையாளர், "எங்க கார்டுக்கே பருப்பு பத்தல" என்று சொல்லிவிடுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லாத பருப்பை அவர் எங்கேயிருந்து அளப்பார்?

அதைவிடப் பெரிய விஷயம், டோக்கன். பொங்கல் பரிசுத் தொகுப்பானாலும் வெள்ள நிவாரணமானாலும் அந்தந்தக் கடையின் கார்டுப் பட்டியலை வைத்துத்தான் டோக்கன் எழுதுகிறார்கள். எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி இங்கே செல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையும் சுற்றுவட்டாரமும் மூழ்கியபோது, குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பலருக்கு டோக்கன் வரவில்லை, அவர்கள் கார்டு சொந்த ஊர்க் கடையில் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் கடையில் தனிப் படிவம் வாங்கி, எழுதிக் கொடுத்து, காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் மாரியக்கா அந்தப் படிவ வரிசையில் நின்றவர். தென்காசிப் பக்கத்துக் கிராமம். கணவருக்கு இங்கே தாம்பரம் பக்கம் ஒரு மரக்கடையில் வேலை. அக்கா காலையில் இட்லி மாவு ஆட்டி விற்கிறார். அந்த மழைக்குப் பிறகுதான், "தம்பி, எங்க கார்டு எந்தக் கடையில இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, அதை இங்க கொண்டுவரணும்" என்று வந்தார். அவர் கதையைச் சொன்னாலே முக்கால்வாசி விஷயம் வந்துவிடும்.

கடையைக் கண்டுபிடிக்க நேரான வழி tnpds.gov.in தளத்தில் "பயனாளர் நுழைவு". அங்கே கேட்பது கார்டு எண்ணை அல்ல, கார்டில் பதிவான கைபேசி எண்ணை. எண்ணைப் போட்டு, படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளை அடித்தால் அந்தக் கைபேசிக்கு ஓடிபி வரும். அதைப் போட்டு உள்ளே போனால் குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர்கள், முகவரி, கடைக் குறியீடு எல்லாம் இருக்கும். TNePDS செயலியிலும் இதே எண், இதே ஓடிபிதான்.

பலரும் சிக்கிக்கொள்வது இந்தக் கைபேசி எண்ணில்தான். 2016, 2017 வாக்கில் ஆதாரை இணைக்கிறோம் என்று கடையில் எண் கேட்டபோது, வீட்டில் யாரிடம் போன் இருந்ததோ அவர் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருப்போம். மாரியக்கா வீட்டில் அது ஊரில் இருக்கும் கொழுந்தன் எண். அக்கா அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, ஒனக்கு ஒரு நம்பரு வரும். வந்ததும் வாசி."

"எந்த நம்பரு மதினி? பேங்க்ல இருந்து பேசுதோம்னு கேட்டா சொல்லக்கூடாதுன்னுல்லா சொல்லுதாங்க."

"பேங்க் இல்ல, ரேஷன் கார்டு. நான்தானல கேக்கேன்!"

அவர் வயலில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வீட்டில் இருந்தது. பக்கத்தில் இருந்த பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி எண்ணைப் போட்டு, மறுபடி அந்தக் கோணல் எழுத்து. ஆனால் கொழுந்தன் கேட்டது சரியான கேள்வி. ரேஷன் கார்டு பெயரைச் சொல்லி யாரோ தெரியாத ஆள் ஓடிபி கேட்டால் கொடுக்கவே கூடாது. கடை ஊழியரோ அதிகாரியோ போனில் அழைத்து ஓடிபி கேட்க வேண்டிய வேலையே இதில் இல்லை.

பதிவான எண் தொலைந்துபோயிருந்தால் அல்லது யாருடையது என்றே தெரியாவிட்டால் 1967 என்ற இலவச எண்ணுக்கு அழைத்துக் கார்டு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். 1800 425 5901-ம் அதே உதவி மையம்தான். எண்ணை நிரந்தரமாக மாற்றுவதற்கு வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஆதார் நகலோடு எழுதிக் கொடுப்பது உறுதியான வழி. சென்னை மாநகருக்குள் என்றால் அந்தந்த மண்டல உதவி ஆணையர் அலுவலகம். இதை முதலில் முடித்துவிடுங்கள். பொருள் வாங்கினால் வரும் குறுஞ்செய்தியும், விண்ணப்பம் போட்டால் வரும் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். வாங்காத பொருளுக்கு உங்கள் பெயரில் பில் போட்டாலும் அது தெரியவருவது அந்தக் குறுஞ்செய்தியில்தான்.

மாரியக்கா கார்டு திறந்தது. எதிர்பார்த்தபடியே கிராமத்துக் கடை. உறுப்பினர் பட்டியலில் ஐந்து பேர்: மாமியார், அக்கா, கணவர், இரண்டு பிள்ளைகள். "முகவரி மாற்றத்துக்குப் போட்டுவிடலாமா அக்கா?" என்றேன். முகவரி மாறினால் கடை தானாக மாறும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை ஊர்ல தனியால்லா இருக்காங்க. கார்டு இங்க வந்துட்டா அவங்களுக்கு அரிசி?" என்றார்.

இதை யோசிக்காமல் முகவரி மாற்றுகிறவர்கள் நிறைய. கார்டு பிரியாமல் இடம் மாறினால் ஐந்து பேரும் சேர்ந்து மாறுகிறார்கள். ஊரில் இருக்கும் மாமியார் அதன் பிறகு கிராமத்துக் கடைக்கு வெளிக் கார்டு. கைரேகை வைத்து வாங்கலாம்தான். ஆனால் அவர் அங்கே வாங்கினால் அந்த மாத அரிசிக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வயதானவர்களுக்கு 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தருகிறார்கள். அந்த வண்டியும் கார்டில் இருக்கும் முகவரியைத்தான் பார்க்கும். தென்காசியில் இருக்கும் மாமியாரைத் தேடித் தாம்பரம் மாடிப்படி ஏறுவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஆகவே அவர்கள் செய்தது வேறு. பழைய கார்டிலிருந்து நான்கு பேரின் பெயரை நீக்க விண்ணப்பித்தார்கள். "உறுப்பினர் நீக்கம்" என்று அதே தளத்தில் இருக்கிறது. நீக்கியது உறுதியான பிறகு இந்த முகவரியில் புதுக் கார்டுக்கு விண்ணப்பம். வரிசை மாறக் கூடாது. ஒரு ஆதார் இரண்டு கார்டில் இருக்க முடியாது என்பதால், முந்திப் போட்ட புது விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும். இங்கே வசிக்கிறோம் என்பதற்கு வாடகை ஒப்பந்தமும் கேஸ் ரசீதும் வைத்தார்கள். விசாரணைக்கு வந்தவர் நேராக அடுப்படியைத்தான் பார்த்தார். தனி அடுப்பு, தனிச் சமையல் இருந்தால்தான் தனிக் குடும்பம், தனிக் குடும்பத்துக்குத்தான் தனிக் கார்டு. மாவு ஆட்டும் கிரைண்டரைப் பார்த்து, "கடையா வீடா?" என்று ஒரு கேள்வி. அக்கா சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பைக் காட்டினார்.

முழுக் குடும்பமும் இடம் பெயர்ந்தவர்களுக்கு இந்தச் சுற்று எதுவும் வேண்டாம். "முகவரி மாற்றம்" விண்ணப்பம் ஒன்று போதும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மாவட்டம், வட்டம் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கிராமம் அல்லது பகுதி என்ற இடத்தில் வாய்வழக்கில் சொல்லும் நகர்ப் பெயருக்கு ஒத்து வருகிற எதையாவது தேர்ந்தெடுத்துவிடுவது. கடை ஒதுக்குவதற்கு அதுதான் அடிப்படை. புறநகரில் ஒரு நகரின் முன்பாதி ஒரு வருவாய்க் கிராமத்திலும் பின்பாதி இன்னொன்றிலும் இருப்பது சாதாரணம். வீட்டு வரி ரசீதிலோ பத்திரத்திலோ இருக்கும் கிராமப் பெயரைப் பார்த்துப் போடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாரியக்காவுக்குப் புதுக் கார்டு அனுமதியாகி ஒரு கடைக் குறியீடும் வந்தது. இனி அந்தக் கடை தரையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு உள்ளே நுழையவே வேண்டாம். தளத்தின் முகப்பில் "பொது விநியோகத் திட்ட அறிக்கைகள்" என்று ஒரு பகுதி இருக்கிறது. மாவட்டத்தைத் தொட்டால் வட்டங்கள் வரும், வட்டத்தைத் தொட்டால் கடைகளின் பட்டியல் விரியும். உங்கள் குறியீட்டைப் பிடித்து உள்ளே போனால் அந்தக் கடையின் விவரம் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கடவுச்சொல் எதுவும் இல்லை.

ஆனால் பட்டியலில் இருக்கும் பெயரை வைத்துத் தெருவில் தேடினால் கடை கிடைக்காது. ஊர்க்காரர்கள் யாரும் ரேஷன் கடையை அதன் பதிவுப் பெயரில் சொல்வதில்லை. தண்ணி டேங்க் கடை, மாரியம்மன் கோயில் கடை, சொசைட்டி என்றுதான் சொல்வார்கள். போர்டும் அவ்வளவாக உதவாது. பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன, சிலவற்றை நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துகிறது. போர்டில் சங்கத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும். சென்னையில் 1904-லிருந்து இருக்கும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நகரெங்கும் கடைகள் உண்டு. அதே சங்கப் பெயரை வேறு தெருவில் பார்த்தால் அதுவும் உங்கள் கடை என்று பொருள் இல்லை. போர்டில் சிறிதாக எழுதியிருக்கும் கடை எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இதிலும் ஒரு கூடுதல் வேடிக்கை. அக்காவின் கடை மெயின் ரோட்டைத் தாண்டி, பழைய ஊராட்சிக் கட்டடத்தில் இருக்கிறது. ஒரே கட்டடம், இரண்டு ஷட்டர், இரண்டு தராசு, இரண்டு விற்பனையாளர்கள். ஒரு கடையைப் பிரித்தபோது புதுக் கடைக்கு வேறு இடம் கிடைக்காமல் பக்கத்து அறையிலேயே போட்டுவிட்டார்கள். வெளியே பார்த்தால் ஒரு கடைக்கு இரண்டு கவுண்டர் மாதிரி இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கும் வரிசையில் போய் நிற்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். முன்னே போனதும் கருவியில் கார்டை ஸ்கேன் செய்துவிட்டு, "இது பக்கத்துக் கடைக் கார்டுங்க" என்பார் விற்பனையாளர். சரக்கு இருந்தால் வெளிக் கார்டாகப் போட்டுக் கொடுப்பார், இல்லாவிட்டால் அடுத்த வரிசையின் வால்.

உங்கள் கடைதானா என்று சந்தேகம் இருந்தால் இதைவிட நம்பகமான சோதனை கிடையாது. பொருள் வாங்கக்கூட வேண்டாம், "கார்டு இந்தக் கடைதானான்னு பாருங்க" என்றால் கருவியிலேயே சொல்லிவிடுவார்கள். மத்தியான நேரத்தில் கேளுங்கள், காலையில் பாமாயில் வந்த அன்றைக்குக் கேட்காதீர்கள்.

மாரியக்காவுக்குத் தண்ணி டேங்க் கடை இருநூறடியில் இருக்கிறது. தன் கடைக்கு மெயின் ரோட்டைக் கடந்து போக வேண்டும். இப்படி இருந்தால் மாற்ற முடியுமா? கேட்கலாம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கே வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்கலாம். "தூரமா இருக்கு" என்று மட்டும் எழுதினால் மனு பத்தோடு பதினொன்று ஆகிவிடும். கார்டு எண், இப்போதைய கடைக் குறியீடு, கேட்கும் கடையின் குறியீடு மூன்றையும் எழுதி, தெருவில் மற்ற வீடுகளின் கார்டும் அந்தக் கடையில்தான் இருக்கிறது என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தெருவே சேர்ந்து கேட்டால் இன்னும் பலம், கடைகளைத் தெருவாரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள். கேட்கும் கடையில் ஏற்கெனவே கார்டு நிரம்பியிருந்தால் கிடைக்காமலும் போகலாம். மனுப் போடுவதற்கு முன்னால் அறிக்கைகள் பகுதியில் அந்தக் கடையில் எத்தனை கார்டு என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. அக்கா பார்த்தார், தண்ணி டேங்க் கடை வழிந்துகொண்டிருந்தது. மனுவை விட்டுவிட்டார்.

கடை தெரிந்துவிட்டது, கார்டும் அங்கே இருக்கிறது. ஆனால் போகிற நேரத்தில் திறந்திருக்க வேண்டுமே. ரேஷன் கடைக்கு விடுமுறைக் கணக்கு தனி. மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அதற்குப் பிறகு வரும் வாரங்களில் ஞாயிறு விடுமுறை. சென்னையிலும் புறநகரிலும் காலை 8.30-லிருந்து 12.30 வரை, மறுபடி 3 மணியிலிருந்து 7 வரை. மற்ற ஊர்களில் காலை 9-லிருந்து 1 வரை, 2-லிருந்து 6 வரை. பகுதிநேரக் கடை என்றால் வாரத்தில் சில நாள்தான், அதே விற்பனையாளர் மற்ற நாளில் தாய்க் கடையில் இருப்பார். எந்தக் கிழமை என்பதைக் கடைக் கதவிலேயே எழுதியிருப்பார்கள்.

நடையை மிச்சம் பிடிக்க, பதிவான கைபேசியிலிருந்து 9773904050 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். PDS 102 என்று அனுப்பினால் உங்கள் கடை திறந்திருக்கிறதா என்று பதில் வரும். PDS 101 என்றால் என்னென்ன இருப்பு என்று வரும். இதில் கடை எண்ணை அடிக்கவே வேண்டாம், கைபேசி எண்ணை வைத்தே கார்டைப் பிடித்துக்கொள்ளும். கருவியில் பதிவாகும் கணக்கைத்தான் அது சொல்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லாரியில் வந்து இறங்கி இன்னும் கணக்கில் ஏற்றாத மூட்டை அதில் தெரியாது. காலையில் இருபது கிலோ பருப்பு என்று காட்டிய இருப்பு, நீங்கள் பத்தரைக்குப் போய்ச் சேரும்போது இருபது பேர் வாங்கியிருந்தாலே ஆளுக்கு ஒரு கிலோ வீதம் தீர்ந்திருக்கும்.

மாரியக்கா இப்போது புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஷட்டர் தூக்கும்போதே போய்விடுகிறார், இடது பக்க ஷட்டர். கொழுந்தன் எண்ணை எடுத்துவிட்டுப் புதுக் கார்டில் தன் எண்ணைப் போட்டிருக்கிறார். ஊரில் அத்தை கார்டில் மட்டும் இன்னும் அந்தப் பழைய எண்தான்.